கோழி ரத்தத்தில் ஓர் ஏணி

சைதாப்பேட்டைச் சந்தைக்குப் பின்புறம் உள்ள கோழிக்கடையில், ஆண்டுக்கு ஒரு முறை, காலை ஆறு மணிக்கு நான் ஒரு குளிர்ப்பெட்டியோடு நிற்பது வழக்கம். எங்கள் கல்லூரியின் உயிர்வேதியியல் மாணவர்களுடைய செய்முறை வகுப்புக்கு எனக்குத் தேவைப்படுவது கறியன்று, பத்து மில்லிலிட்டர் ரத்தம் மட்டுமே. உறையாமல் இருக்கும்பொருட்டுச் சோடியம் சிட்ரேட் கரைசல் ஊற்றிய குழாயைக் கடைக்காரரிடம் நீட்டினால், முதலாண்டில் வியப்போடு பார்த்தவர் இப்போது, "உறையாம கலக்கிக் குடுக்கணும், அதானே டீச்சர்?" என்று அவரே கேட்டு, மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கிக் கொடுக்கிறார். ஆட்டு ரத்தம் வேண்டாம், கோழி ரத்தந்தான் வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆட்டுக்கும் மனிதருக்கும் ரத்தத்தில் ஓடும் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இராது. பறவைகளின் சிவப்பணுவிலோ அது கடைசிவரை இருக்கும். உட்கரு இருந்தால் டி.என்.ஏ. இருக்கும், ஒரு துளி கோழி ரத்தத்தில் ஏறத்தாழ ஒரே வகையான பல கோடி உட்கருக்கள் எந்தச் சிரமமும் இன்றிக் கிடைத்துவிடுகின்றன.

இதைத் தொடக்கக் காலத்திலேயே பயன்படுத்திக்கொண்டவர்களுள் ஒருவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கோசெல். அவர் 1884இல் வாத்தினத்தைச் சேர்ந்த பறவையின் சிவப்பணு உட்கருக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து, அதற்கு ஹிஸ்டோன் என்று பெயரிட்டார். அந்தப் புரதம் உட்கருவில் ஏன் அவ்வளவு மிகுதியாக இருக்கிறது, டி.என்.ஏ.வோடு அதற்கு என்ன உறவு என்பதெல்லாம் தெளிவாவதற்கு அதன்பின் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அதே பறவை ரத்தத்தைக் கொண்டே அந்தக் கதையை இங்கே சொல்ல முயல்கிறேன்; ஏனெனில், ஒரு மரபணு இயங்குவதும் இயங்காமல் இருப்பதும் அது சுருட்டப்பட்டிருக்கும் விதத்தையும் பொறுத்தது என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய சோதனையும் கோழியின் சிவப்பணுவில்தான் நடந்தது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்ட ஒரு நீண்ட மூலக்கூறு. இரண்டு இழைகளையும் இணைக்கும் ஒவ்வொரு படியையும் கார இணை என்கிறோம். ஒரு கார இணை இழையின் நீளத்தில் 0.34 நானோமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். கோழியின் ஓர் உட்கருவில் இருநூறு கோடிக்குச் சற்று மேற்பட்ட கார இணைகள் இருப்பதால், அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் முக்கால் மீட்டர் அளவுக்கு வரும். அந்த உட்கருவின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குதான். மனித உட்கருவில் நீளம் இன்னும் கூடுதல், ஏறத்தாழ இரண்டு மீட்டர்.

நீளம் மட்டுமே சிக்கல் என்றால், நூலைக் கசக்கி ஒரு டப்பாவில் திணிப்பதுபோல் திணித்துவிடலாம். உண்மையான சிக்கல் மின்னூட்டம். டி.என்.ஏ.வின் முதுகெலும்பாக இருக்கும் ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஓர் எதிர் மின்னூட்டத்தைச் சுமக்கிறது. ஒரு கார இணைக்கு இரண்டு பாஸ்பேட்டுகள். ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால், தன்னைத்தானே தள்ளிக்கொண்டு விறைத்து நிற்கும் இழை அது. அதை வளைக்க வேண்டுமானால் அந்த எதிர் மின்னூட்டத்தை யாராவது ஈடுகட்டியாக வேண்டும். அந்த வேலையைச் செய்பவை ஹிஸ்டோன்கள். லைசின், ஆர்ஜினின் ஆகிய இரண்டு அமினோ அமிலங்கள் நேர் மின்னூட்டம் கொண்டவை. ஹிஸ்டோன் புரதங்களில் இவ்விரண்டும் நிறைந்திருக்கின்றன.

ஹிஸ்டோன்களில் நான்கு வகைகள் சுருட்டும் வேலையின் மையத்தில் இருக்கின்றன: எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4. ஒவ்வொன்றிலும் இரண்டு மூலக்கூறுகள் வீதம் எட்டுப் புரதங்கள் சேர்ந்து தட்டையான ஒரு வட்டு உருவாகிறது. அதன் விளிம்பைச் சுற்றி டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, துல்லியமாகச் சொன்னால் சுமார் 1.65 சுற்று, இடப்புறமாக வளைந்து செல்கிறது. அந்தச் சுற்றில் 147 கார இணைகள் அடங்கும். வட்டும் அதைச் சுற்றிய டி.என்.ஏ.வும் சேர்ந்ததுதான் நியூக்ளியோசோம். அதன் அகலம் 11 நானோமீட்டர். ஒரு நியூக்ளியோசோமிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில், வட்டில் ஒட்டாத ஒரு சிறு துண்டு டி.என்.ஏ. இருக்கிறது, அதை இணைப்புத் துண்டு என்போம். டி.என்.ஏ. வட்டுக்குள் நுழைந்து வெளியேறும் வாயிலில் எச்1 என்னும் ஐந்தாவது ஹிஸ்டோன் அமர்ந்து இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. பறவைச் சிவப்பணுவில் இந்த இடத்தைப் பெரும்பாலும் எச்5 என்னும் இன்னும் இறுக்கமான உறவினர் எடுத்துக்கொள்கிறது. அந்த உட்கரு சுருங்கி, ஏறத்தாழ அடங்கிப்போய்க் கிடப்பதில் அதற்குப் பங்குண்டு.

பாடநூல்கள் இந்த அமைப்பை நூலில் கோத்த மணிகளுக்கு ஒப்பிடுகின்றன. 1974இல் ஆடா ஒலின்ஸ், டொனால்ட் ஒலின்ஸ் இணையர் மின்னணு நுண்ணோக்கியில் எடுத்த படங்கள் உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தன. அவற்றுள் கோழிச் சிவப்பணுவின் படமும் உண்டு. ஆனால் இந்த ஒப்புமை ஒரு பிழையான எண்ணத்தை விதைத்துவிடுகிறது என்பதை ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள்களில் காண்கிறேன். மணியின் நடுவே துளையிட்டு நூல் உள்ளே போகும். இங்கோ நூல் வெளியே சுற்றுகிறது. இந்த வேறுபாடு சிறியதன்று. டி.என்.ஏ. புரதத்தின் உள்ளே புதைந்திருந்தால் எந்த நொதியாலும் அதைத் தொட முடியாது. வெளியே சுற்றியிருப்பதால்தான், வட்டோடு ஒட்டிய முகம் மறைந்தும் மறுமுகம் வெளியே பார்த்தும் இருக்கிறது. ஓரங்களில் அது அவ்வப்போது தானாகவே சற்று அவிழ்ந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளவும் முடிகிறது. மணியைவிட, சட்டைப் பொத்தானின் விளிம்பைச் சுற்றி ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக நூலைச் சுற்றி, அடுத்த பொத்தானுக்கு அதே நூலைக் கொண்டுபோவதாக எண்ணிக்கொள்வது உண்மைக்கு நெருக்கமானது.

இந்தப் பிடிப்பு மின்னூட்டத்தால் ஆனது என்பதற்குச் சமையலறை உப்பே சான்று. உட்கருக்களைச் சாதாரண உடலியல் உப்புக்கரைசலில் வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. உப்பை ஏற்றிக்கொண்டே போனால் முதலில் வாயிலில் இருக்கும் எச்1 கழன்றுவிடும். லிட்டருக்கு 117 கிராம் என்ற அளவை எட்டும்போது வட்டும் டி.என்.ஏ.வை விட்டுவிடும். உப்பின் அயனிகள் இடையே புகுந்து, ஹிஸ்டோனின் நேர் மின்னூட்டத்துக்கும் பாஸ்பேட்டின் எதிர் மின்னூட்டத்துக்கும் இடையே இருந்த ஈர்ப்பை மறைத்துவிடுவதுதான் காரணம். உப்பை மெல்ல மெல்ல நீக்கினால், அவை மீண்டும் தாமாகவே கூடி நியூக்ளியோசோமாகின்றன.

இவ்வளவு நுண்ணிய அமைப்பு உண்மையிலேயே இருக்கிறது என்பதை நுண்ணோக்கி இல்லாத ஒரு கல்லூரி ஆய்வகத்தில் எப்படிக் காட்டுவது? அதற்குத்தான் அந்தக் கோழி ரத்தம். கடையிலிருந்து வந்ததும் ரத்தத்தைக் குளிர்ந்த கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவி, செல்லின் வெளிச்சவ்வை மட்டும் கரைக்கும் மென்மையான சோப்புப்பொருள் ஒன்றைச் சேர்க்கிறோம். ஹீமோகுளோபின் வெளியே கசிந்து மேல்நீர் செக்கச்செவேலென்று ஆகிவிடும். மையவிலக்கியில் சுழற்றி மேல்நீரைக் கொட்டிவிட்டால், அடியில் வெளிறிய உட்கருக்கள் திரண்டு கிடக்கும். அவற்றை மீண்டும் கரைசலில் மிதக்கவிட்டு, மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறோம். இது டி.என்.ஏ.வை வெட்டும் கத்தரி. இதற்கு வேலை செய்யக் கால்சியம் வேண்டும். எனவே கால்சியம் சேர்த்தால் வெட்டத் தொடங்கும், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ.வைச் சேர்த்தால் நின்றுவிடும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சிறு சிறு பங்குகளை எடுத்து நிறுத்தி, புரதங்களை முற்றிலும் நீக்கிவிட்டு, எஞ்சிய டி.என்.ஏ.வை அகரோஸ் ஜெல்லில் ஓடவிடுகிறோம். ஜெல்லில் சிறிய துண்டுகள் விரைவாகவும் பெரிய துண்டுகள் மெதுவாகவும் நகர்வதால், துண்டுகள் நீளவாரியாகப் பிரிந்து நிற்கும்.

சாயமேற்றிப் புற ஊதா ஒளியில் ஜெல்லைப் பார்க்கும்போது மாணவர்களின் பேச்சு சட்டென்று நின்றுவிடும். சிதறிய கறை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஏணி நிற்கிறது. கீழே சுமார் 210 கார இணை நீளத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே 420இல் ஒன்று. பிறகு 630இல், 840இல் என்று ஒரே அளவின் மடங்குகளில் கோடுகள். கத்தரிக்கு எங்கு வேண்டுமானாலும் வெட்டும் உரிமை இருந்தும், அது குறிப்பிட்ட இடைவெளிகளில் மட்டுமே வெட்டியிருக்கிறது. வட்டைச் சுற்றிய பகுதி காக்கப்பட்டு, இணைப்புத் துண்டு மட்டும் அகப்பட்டுக்கொண்டது என்பதே பொருள். ஒரு நியூக்ளியோசோமின் இரு பக்கமும் வெட்டுப்பட்டால் 210. இரண்டு சேர்ந்து இருந்து வெளிப்பக்கம் மட்டும் வெட்டுப்பட்டால் 420. ஆஸ்திரேலியாவில் ஹியூவிஷும் பர்கோயினும் 1973இல் எலிக் கல்லீரலின் உட்கருக்களில் இந்த ஏணியை முதலில் கண்டபோது, அது எதனால் வருகிறது என்பதற்கான விடை இன்னும் முழுமையாகக் கிட்டியிருக்கவில்லை. மறு ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க், எட்டு ஹிஸ்டோன்களும் சுமார் 200 கார இணைகளும் சேர்ந்த ஓர் அலகு திரும்பத் திரும்ப வருகிறது என்ற மாதிரியை முன்வைத்தார். அந்த அலகின் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்பதை 1997இல் கரோலின் லூகர், டிமத்தி ரிச்மண்ட் குழுவினர் படிகத்திலிருந்து எக்ஸ் கதிர் கொண்டு படித்துக் காட்டினர்.

பத்தாம் நிமிடத்துப் பங்கில் ஏணி மறைந்து, ஏறத்தாழ ஒரே ஒரு கோடு அடியில் நிற்கும். இணைப்புத் துண்டுகளின் ஓரங்களைக் கத்தரி மேலும் மேலும் தின்று, 147 என்ற எல்லைக்கு வந்து நிதானித்திருக்கிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவருக்கு இதுவே நேரடி விடை.

இந்தச் சோதனை கெட்டுப்போவதும் உண்டு; எப்படிக் கெட்டது என்பதை ஜெல்லே சொல்லிவிடும். ஓராண்டு மே மாதத்தில், பனிக்கட்டி கரைந்துவிட்ட பெட்டியில் ரத்தம் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டது. உட்கருக்கள் வெடித்து, குழாயின் அடியில் குச்சியால் சுற்றி எடுக்கக்கூடிய பிசுபிசுப்பான சளி திரண்டிருந்தது. அது அவிழ்ந்த டி.என்.ஏ. தவிர வேறில்லை. நொதியின் அளவு குறைந்தால் எல்லாத் துண்டுகளும் ஜெல்லின் தலைப்பகுதியிலேயே தேங்கிவிடும். இவற்றைவிட முக்கியமானது ஒப்பீட்டுச் சோதனை. புரதம் நீக்கிய வெறும் டி.என்.ஏ.வை அதே கத்தரியால் வெட்டி அருகிலேயே ஓடவிட வேண்டும். அது கோடுகள் அற்ற தொடர்கறையாக மட்டுமே வந்தால்தான், ஏணி கத்தரியின் விருப்பத்தால் வந்ததன்று, சுருட்டலால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த ஒப்பீடு இல்லாத ஏணிப் படத்தை நான் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

இனி, கணக்குக்குத் திரும்புவோம். 210 கார இணைகளை நீட்டினால் 71 நானோமீட்டர். அவை 11 நானோமீட்டர் அகல வட்டில் அடங்கின என்றால், முதல் நிலைச் சுருட்டலால் நீளம் ஆறு ஏழு மடங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால், செல் பிரியும்போது நுண்ணோக்கியில் தடித்த குச்சிகளாகத் தெரியும் குரோமோசோம்களில் நீளம் பல்லாயிரம் மடங்கு குறைந்திருக்கும். மனிதரின் முதலாம் குரோமோசோமின் டி.என்.ஏ. நீட்டினால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல். பிரிவின் உச்சத்தில் அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக் குச்சி. நடுவில் என்ன நடக்கிறது? நியூக்ளியோசோம்கள் சுருள்வில்போல் அடுக்கிக்கொண்டு 30 நானோமீட்டர் தடிப்புள்ள ஒழுங்கான இழை ஆகின்றன என்று பல பாடநூல்கள் இன்றும் வரைந்து காட்டுகின்றன. சோதனைக்குழாயில் அப்படிப்பட்ட இழையைக் காண முடிகிறது; கோழிச் சிவப்பணுவின் அடங்கிய உட்கருவிலும் அதைப் போன்றதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால், உயிருள்ள பெரும்பாலான செல்களின் உட்கருவில் அப்படி ஓர் ஒழுங்கான இழை தென்படவில்லை. இடத்துக்கு இடம் தடிப்பு மாறும், ஒழுங்கற்ற ஒரு சங்கிலியே தெரிகிறது. ஆகவே, அந்த அழகான படத்தை உறுதியான செய்தியாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உறுதியாகத் தெரிவது வேறொன்று. கோஹீசின் என்னும் வளையப் புரதம் இந்தச் சங்கிலியை இழுத்து இழுத்துக் கண்ணிகளாக்குகிறது. செல் பிரியும் நேரத்தில் கண்டென்சின் என்னும் அதன் உறவுப் புரதம் கண்ணிகளை நெருக்கி அடுக்கிக் குச்சியாக்குகிறது. செல் பிரியாத நாள்களில் குரோமோசோம் குச்சியாக இருப்பதில்லை. உட்கருவுக்குள் தனக்கென்று ஓரிடம் பிடித்து, சில பகுதிகள் இறுகியும் சில பகுதிகள் தளர்ந்தும் பரவிக் கிடக்கிறது. டி.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த இந்த முழுக் கலவைக்கே குரோமாட்டின் என்று பெயர்.

இறுக்கமும் தளர்வும் மரபணுவுக்கு ஏன் முக்கியம் என்பதை இப்போது கேட்கலாம். ஒரு மரபணு இயங்குவது என்றால், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் பெரிய நொதி அதன் தொடக்க இடத்தில் அமர்ந்து, இரண்டு இழைகளையும் விலக்கி, ஒன்றைப் படியெடுத்துக்கொண்டே நகர்வது. அமர்வதற்கு முன்னால் பல கட்டுப்பாட்டுப் புரதங்கள் அந்தத் தொடக்க இடத்தின் எழுத்துகளை, அதாவது அங்குள்ள கார இணைகளின் வரிசையை, அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள வேண்டும். அந்த எழுத்துகள் வட்டோடு ஒட்டிய முகத்தில் இருந்தால் பெரும்பாலான புரதங்களுக்கு அவை எட்டுவதில்லை. சுற்றிலும் நியூக்ளியோசோம்கள் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தால் இன்னும் கடினம். அதாவது, எழுத்து மாறாமலேயே அதன் பயன் மறைந்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று என்பதைக் காட்டியவர்கள் ஹரோல்ட் வெயின்ட்ராப், மார்க் குரூடின் என்ற இருவர், ஆண்டு 1976. அவர்கள் எடுத்துக்கொண்டது ஹீமோகுளோபினின் புரதப் பகுதிக்கான குளோபின் மரபணு. கோழிக்குஞ்சின் எல்லாச் செல்களிலும் அந்த மரபணு எழுத்து மாறாமல் இருக்கிறது. ஆனால் ரத்தச் சிவப்பணு வரிசையில் மட்டுமே இயங்குகிறது. அவர்கள் ஒருபுறம் கருநிலைக் குஞ்சின் சிவப்பணு உட்கருக்களையும், மறுபுறம் குளோபினைச் செய்யாத நார்த்திசுச் செல்களின் உட்கருக்களையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் டி.என்.ஏஸ்-1 என்ற வேறொரு கத்தரியை மிகக் குறைந்த அளவில் இட்டு, மொத்த டி.என்.ஏ.வில் பத்தில் ஒரு பங்கு அளவே சிதையும்படி பார்த்துக்கொண்டார்கள். பிறகு, எஞ்சியிருந்த டி.என்.ஏ.வில் குளோபின் மரபணு எவ்வளவு மிச்சம் என்று, அதோடு பொருந்தி ஒட்டக்கூடிய கதிரியக்கக் குறியிட்ட இழையைக் கொண்டு அளந்தார்கள்.

சற்று நின்று, எதிர்பார்ப்பைக் கணக்கிடுங்கள். கத்தரி கண்மூடித்தனமாக வெட்டியிருந்தால், எந்த மரபணுவும் பத்தில் ஒரு பங்குதான் இழந்திருக்க வேண்டும். நார்த்திசுச் செல்லில் குளோபின் மரபணு அப்படித்தான், ஏறத்தாழ முழுதாகவே இருந்தது. சிவப்பணுவிலோ அதன் பெரும்பகுதி காணாமற்போயிருந்தது. ஒருவேளை சிவப்பணுவின் உட்கரு முழுவதுமே தளர்வானதோ என்று கேட்கலாம். அதற்கும் விடை வைத்திருந்தார்கள். கோழியின் முட்டைக்குழலில் மட்டும் இயங்கும் ஓவால்புமின் என்ற முட்டை வெண்கருப் புரதத்தின் மரபணுவை அதே சிவப்பணு உட்கருக்களில் அளந்தபோது, அது பத்திரமாக இருந்தது. அதே ஆண்டில் அலன் கரேலும் ரிச்சர்ட் ஆக்சலும் முட்டைக்குழலின் உட்கருக்களில் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். அங்கே எளிதில் வெட்டுப்பட்டது ஓவால்புமின் மரபணு. ஒரே உயிரின் ஒரே எழுத்துகள், ஒரு திசுவில் கத்தரிக்கு எட்டுகின்றன, இன்னொன்றில் எட்டவில்லை.

இதில் எளிதாகத் தவறிவிடும் ஒரு நுட்பம் இருக்கிறது. இயங்கும் மரபணுவில் நியூக்ளியோசோம்களே இல்லை என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அப்படி இல்லை. நம் வகுப்பில் பயன்படுத்திய மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸைக் கொண்டு வெயின்ட்ராபும் குரூடினும் வெட்டிப் பார்த்தபோது, இயங்கும் குளோபின் மரபணுவும் நியூக்ளியோசோம் அளவுத் துண்டுகளில் காக்கப்பட்டே இருந்தது. வட்டுகள் அங்கேயே இருக்கின்றன; அவை நெருங்கியிருக்கும் விதமும் இறுக்கமுமே மாறியிருக்கின்றன. வட்டு உண்மையிலேயே விலகியிருக்கும் இடம் மிகக் குறுகியது. 1981இல் ஜேம்ஸ் மெக்கீ, கேரி ஃபெல்சன்ஃபெல்ட் குழுவினர், கோழியின் வளர்நிலைப் பீட்டா குளோபின் மரபணுவின் தொடக்கத்துக்குச் சற்று முன்னால், ஏறத்தாழ 200 கார இணை நீளமுள்ள ஓர் இடம் சிவப்பணுவில் மட்டும் வெட்டும் நொதிகளுக்குத் திறந்து கிடப்பதைக் கண்டார்கள். 200 என்பது ஒரு நியூக்ளியோசோமுக்கு உரிய இடம் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் புரதங்கள் வந்து அமர வேண்டிய வாசலில் ஒரே ஒரு வட்டு அகற்றப்பட்டதற்கு நிகரான திறப்பு. அதைத் தாண்டியுள்ள மரபணு உடலில் வட்டுகள் தளர்ந்த நிலையில் தொடர்கின்றன. பாலிமரேஸ் நகரும்போது வட்டுகள் அதன் முன்னால் ஓரளவு கலைந்து, பின்னால் மீண்டும் கூடுகின்றன.

தளர்த்துவது யார், இறுக்குவது யார்? எட்டு ஹிஸ்டோன்களும் உருண்டு வட்டாகிவிட்டாலும், ஒவ்வொன்றின் ஒரு முனையும் வட்டுக்கு வெளியே வால்போல் நீண்டு தொங்குகிறது. அந்த வால்களில் லைசின்கள் நிறைய. அவற்றின் நேர் மின்னூட்டம் தன் டி.என்.ஏ.வையும் பக்கத்து நியூக்ளியோசோமையும் பற்றிக்கொள்ள உதவுகிறது. ஒரு லைசினின் மேல் அசிட்டைல் என்ற சிறு வேதித்தொகுதியை ஒட்டிவிட்டால், அதன் நேர் மின்னூட்டம் நீங்கிவிடும், பிடி நழுவும். எச்4இன் வாலில் பதினாறாவது இடத்தில் உள்ள ஒரே லைசினில் அசிட்டைல் ஏற்றினாலே, சோதனைக்குழாயில் நியூக்ளியோசோம் சங்கிலி நெருக்கமாக மடங்குவது தடைப்படுகிறது. அசிட்டைலேற்றத்துக்கும் ஆர்.என்.ஏ. உருவாவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964லேயே எழுதினார். ஆனால் அசிட்டைலை ஏற்றும் நொதி எது என்பது தெரியாததால், அது காரணமா விளைவா என்ற கேள்வி முப்பது ஆண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. 1996இல் டேவிட் ஆலிஸ் குழுவினர் டெட்ராஹைமினா என்ற ஒரு செல் உயிரியிலிருந்து அந்த நொதியைப் பிரித்தபோது, அது ஈஸ்ட்டில் மரபணுக்களை இயக்கத் துணை செய்வதாக முன்பே தெரிந்திருந்த ஜிசிஎன்5 என்ற புரதத்தின் உறவு என்பது வெளிப்பட்டது. மரபணுவை இயக்க வரும் புரதங்களே அசிட்டைல் ஏற்றும் நொதியை உடன் அழைத்து வருகின்றன. ஏற்றுவதற்கு ஒரு குழு நொதிகள் இருப்பதுபோல, கழற்றுவதற்கு ஒரு குழுவும் இருக்கிறது. இவை தவிர, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து, வட்டை டி.என்.ஏ.வின் மேல் தள்ளி நகர்த்தும் புரதத் தொகுதிகளும் உண்டு.

இறுக்கும் பக்கத்தில் வேறு குறிகள் வேலை செய்கின்றன. எச்3இன் வாலில் ஒன்பதாவது லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகள் ஏறினால், மின்னூட்டம் மாறாது; ஆனால், எச்பி1 என்ற புரதம் அந்தக் குறியை அடையாளம் கண்டு வந்து அமர்ந்து, பக்கத்து நியூக்ளியோசோம்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மூன்று மெத்தில் ஏறிய லைசினில் அசிட்டைல் ஏற இடமிராது என்பதால், ஓரிடம் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் சேர முடியும். தளர்ந்திருப்பது மட்டுமே மரபணு இயங்கப் போதுமானதன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வாசல் திறந்திருந்தும், வர வேண்டிய கட்டுப்பாட்டுப் புரதம் அந்தச் செல்லில் இல்லையென்றால் படியெடுப்பு நடக்காது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, எங்கள் வகுப்பில் ஒரு மாணவி, "எழுத்து சரியா இருந்து, சுருட்டல் மட்டும் தப்பாப்போனா நோய் வருமா மேடம்?" என்று கேட்டாள். வரும். அதற்கான மிகத் தெளிவான சான்றும் குளோபின் மரபணுவில்தான் இருக்கிறது.

மனிதரின் பீட்டா குளோபின் மரபணு பதினோராம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பழுது ஏற்பட்டால் வருவது தலசீமியா என்னும் ரத்தக் குறைபாடு. நம் நாட்டில் காணும் பீட்டா தலசீமியாவில் பெரும்பாலானவை மரபணுவுக்குள்ளேயே ஓர் எழுத்து அல்லது சில எழுத்துகள் மாறியதால் வருபவை. ஆனால், ஹிஸ்பானிக் தலசீமியா என்று பெயர்பெற்ற ஓர் அரிய வகையில், பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் எழுத்துகூடத் தவறில்லை. காணாமற்போயிருப்பது, அந்த மரபணுவிலிருந்து ஐம்பதாயிரம் கார இணைகளுக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு பகுதி; சுமார் 35 ஆயிரம் கார இணைகள். அந்தப் பகுதியில் டி.என்.ஏஸ்-1 மிக எளிதாக வெட்டும் சில இடங்கள் இருக்கின்றன. சிவப்பணு வரிசையின் கட்டுப்பாட்டுப் புரதங்கள் வந்து குழுமும் இடங்கள் அவை. குளோபின் மரபணுக் கூட்டம் முழுவதற்கும் பொதுவான இயக்குபகுதி என்று அதைச் சொல்லலாம்.

1976இல் கோழியில் அந்தச் சோதனையைச் செய்த இருவரில் ஒருவரான மார்க் குரூடினின் குழு, 1990இல் இந்தக் குறையுள்ள மனிதக் குரோமோசோமை, சிவப்பணு வரிசையைச் சேர்ந்த எலிச் செல்லுக்குள் மாற்றிவைத்து ஆராய்ந்தது. குளோபினை இயக்கத் தேவையான கட்டுப்பாட்டுப் புரதங்கள் எல்லாம் அந்தச் செல்லில் இருக்கின்றன. குறையில்லாத பதினோராம் குரோமோசோமை அங்கு வைத்தால் பீட்டா குளோபின் மரபணு இயங்குகிறது. குறையுள்ள குரோமோசோமில் அதே எழுத்துகள் கொண்ட அதே மரபணு ஊமையாகவே இருந்தது. பழைய கத்தரியான டி.என்.ஏஸ்-1ஐ இட்டுப் பார்த்தபோது, விடுபட்ட பகுதிக்கு அருகில் மட்டுமல்லாமல், தொலைவிலிருந்த பீட்டா குளோபின் மரபணு வரையிலும் அந்தத் தொடர் முழுவதும் வெட்டுக்கு இடங்கொடாமல் இறுகியிருந்தது. செல் பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வை இரட்டிக்கும்போதும், இயங்கும் பகுதிகளைப்போல் முன்னதாக இரட்டிக்காமல், அடங்கிய பகுதிகளைப்போல் பிந்தியே இரட்டித்தது.

இந்த வகைக் குறை உள்ளவரின் ரத்தத்தை எடுத்து, பீட்டா குளோபின் மரபணுவின் எழுத்துகளை மட்டும் வரிசையாகப் படித்தால், அறிக்கையில் குறை எதுவும் தெரியாது. ரத்தப் பரிசோதனையோ தலசீமியா என்று சொல்லும். இரண்டும் முரண்படும்போது, மரபணுவை விட்டு விலகித் தொலைவிலுள்ள அந்த இயக்குபகுதி இருக்கிறதா, விடுபட்டிருக்கிறதா என்று தனியாக அளந்து பார்க்க வேண்டும்.